ரோஜாக் கிளை நுனியிலிருந்து கருகும்போது எங்கே வெட்டுவது?

கேள்வி: என் ரோஜாச் செடியில் ஒரு கிளை நுனியிலிருந்து கருத்துக்கொண்டே கீழே இறங்குகிறது. கருப்பு முடியும் இடத்தில் இரண்டு தடவை வெட்டிவிட்டேன், மறுபடியும் கருக்கிறது. எதுவரை வெட்ட வேண்டும்? செடி பிழைக்குமா?

பதில்:

கருப்பு முடியும் இடத்தில் நோய் முடிவதில்லை. அங்கே வெட்டியதால்தான் திரும்ப வருகிறது. வெளிப்பட்டை பச்சையாகவே இருக்கும்போது உள்ளே பல சென்டிமீட்டர் கீழே வரை பழுப்பு இறங்கியிருக்கும். அதனால் எங்கே வெட்டுவது என்பதைப் பட்டையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வெட்டிய முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு கிளையில் மட்டும் இருந்தால் செடி பெரும்பாலும் பிழைத்துவிடும்.

முதலில் இது நுனிக்கருகல் நோய்தானா என்று பார்த்துவிடுங்கள். பூ வெட்டிய இடத்தில், அதற்குக் கீழே இருக்கும் முதல் கணு வரை ஒரு துண்டு காய்ந்து வெளிர்பழுப்பாக நிற்பது சாதாரண விஷயம். கணுவுக்கு மேலே இலையோ கண்ணோ இல்லாத துண்டைச் செடி காப்பாற்றாது, கணுவோடு நிறுத்திக்கொள்ளும். அதேபோல, இளந்தளிரின் நுனி மட்டும் ஓரிரண்டு சென்டிமீட்டர் கருகி நின்றுவிட்டால் அது தண்ணீர்க் குறை, உரச் சூடு, குளிர் அல்லது பூச்சியாக இருக்கும். நீங்கள் தேடுகிற நுனிக்கருகல் கணுவில் நிற்காது, கணுவைத் தாண்டி இறங்கும். கருப்புக்கும் பச்சைக்கும் நடுவில் பெரும்பாலும் ஊதா அல்லது செம்பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை ஓடும். கொஞ்சம் பழைய கருப்புப் பகுதியைக் கூர்ந்து பார்த்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிய கரும்புள்ளிகள் பட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும். பூஞ்சை வித்து தயாராகும் இடங்கள் அவை. மழைத்துளி பட்டால் அங்கிருந்துதான் பக்கத்துக் கிளைகளுக்குத் தெறிக்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் ஊதாப் பட்டை முடியும் இடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கருப்பு நூலைத் தாண்டியிருந்தால் நோய் நகர்கிறது என்று அர்த்தம். ஆனால் உங்கள் செடியில் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்துவிட்டதால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வெட்டும்போது குழப்பம் இருக்காது. ரோஜாத் தண்டைக் குறுக்கே வெட்டினால் மூன்று வளையங்கள் தெரியும். வெளியே பட்டையும் அதை ஒட்டிய மெல்லிய பச்சைப் படலமும். அதற்குள் வெளிர்நிறக் கட்டை. நட்டநடுவில் மெத்தென்று வெள்ளையாக இருக்கும் நடுச்சோறு. இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைகள் பல. டிப்ளோடியா, போட்ரியோடிப்ளோடியா, கோனியோதைரியம், கொலிட்டோடிரைக்கம் போன்றவை அடிக்கடி சொல்லப்படும் பெயர்கள். பெயர் எதுவானாலும் வழி ஒன்றுதான். காயத்தின் வழியாக, அதிலும் பெரும்பாலும் கவாத்து செய்த வெட்டுமுகத்தின் வழியாக, உள்ளே போகும். நடுச்சோற்றிலும் கட்டையிலும் கீழ்நோக்கி ஓடும். பட்டை பாதிக்கப்படுவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். நீங்கள் வெளியே பார்க்கும் கருப்பு, உள்ளே நடந்ததைத் தாமதமாகச் சொல்லும் செய்தி.

வெட்டுவதற்கு முன் கத்தரி. இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் கவாத்துக் கத்தரியே வேண்டும். ஒரு அலகு தட்டையான தகட்டின் மேல் வந்து இறங்கும் வகை தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய ஓரம் காய்ந்து, அதே இடத்தில் பூஞ்சை மறுபடி நுழையும். அலகைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால் போதும். சலவை பிளீச்சை 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தும் பயன்படுத்தலாம், ஆனால் அது இரும்பை அரிக்கும். அப்புறம் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். எனக்கு ஆல்கஹாலில் நனைத்த துணியே வசதி.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மழை இல்லாத, அடுத்த ஓரிரு நாளுக்கும் மழை வராது என்று தோன்றுகிற நாளின் காலை நேரம் நல்லது. வெட்டுமுகம் பகலில் காய்ந்துவிடும். வழக்கமான கவாத்துப் பருவம் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அது நல்ல கிளைகளுக்கான கணக்கு. இறங்கிக்கொண்டிருக்கும் கருகலுக்கு அது பொருந்தாது. உறைபனி விழும் இடங்களில் மட்டும் ஒரு விதிவிலக்கு. குளிரில் கருத்த கிளைகளில் எது செத்தது, எது பிழைத்தது என்பது கண்கள் உப்பத் தொடங்கிய பிறகுதான் சரியாகத் தெரியும்.

இனி வெட்டு. ஒரு செடியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். ஒட்டுப்பகுதியிலிருந்து நான்கு கிளைகள் போகின்றன. அதில் ஒன்று பென்சில் கனம், 60 செ.மீ. நீளம். நுனியிலிருந்து 12 செ.மீ. கருப்பு, அதற்குக் கீழே 2 செ.மீ. ஊதாப் பட்டை, மற்றதெல்லாம் பச்சை. பார்த்தால் 15 செ.மீ.யில் வெட்டினால் முடிந்தது என்று தோன்றும்.

நுனியிலிருந்து 17 செ.மீ.யில் முதல் வெட்டு. பட்டை பச்சைதான், ஆனால் நடுச்சோறு முழுக்க காப்பித்தூள் நிறம், கட்டையிலும் பாதி பழுப்பாகியிருக்கிறது. பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள், பச்சை தெரிகிறதே என்று. அடுத்து 22 செ.மீ. நடுச்சோற்றில் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு, கட்டையில் அந்தப் பக்கமாக ஆப்பு வடிவத்தில் ஒரு கறை. நோய் தண்டு முழுக்க ஒரே அளவில் இறங்குவதில்லை, ஒரு பக்கமாக முந்திக்கொண்டு போகும் என்பது இதில் தெரிகிறது. அதனால் முகத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும்; ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று திருப்தி அடையக்கூடாது. 27 செ.மீ.யில் கட்டை சுத்தம், நடுவில் ஒரு சிறு புள்ளி மட்டும் மங்கலாக. இதுவும் போதாது. 31 செ.மீ.யில் வெட்டுமுகம் முழுக்க சுத்தம்: நடுச்சோறு வெள்ளை, கட்டை வெளிர்மஞ்சள் கலந்த பச்சை, பட்டைக்கு அடியில் ஈரமான பச்சை வளையம் எங்கும் அறுபடாமல் ஓடுகிறது.

இந்த இடத்தில் வேலை முடியவில்லை. சுத்தமான முகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுத்தம், அவ்வளவுதான். பூஞ்சையின் மெல்லிய இழைகள் நிறம் மாறாத கட்டைக்குள்ளும் கொஞ்சம் முன்னால் போயிருக்கலாம். அதனால் அங்கிருந்து சுமார் 5 செ.மீ. கீழே போய், வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணைத் தேடுங்கள். நம் செடியில் அப்படி ஒரு கண் நுனியிலிருந்து 36 செ.மீ.யில் இருக்கிறது. கத்தரியை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அந்தக் கண்ணுக்கு அரை சென்டிமீட்டர் மேலே கடைசி வெட்டு. 60 செ.மீ. கிளையில் 24.5 செ.மீ. மிச்சம். கருப்பாகத் தெரிந்தது வெறும் 12 செ.மீ.; வெட்டியது அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அந்த இடத்தில் சொன்ன துடைப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை அதே அலகு நோய்பிடித்த கட்டைக்குள் மூன்று முறை போய்வந்திருக்கிறது. துடைக்காமல் கடைசி வெட்டை வைத்தால், சுத்தமான முகத்தில் நீங்களே பூஞ்சையைத் தடவியதாகிவிடும். நன்றாக ஆழத்தில் வெட்டியும் திரும்ப வருகிறது என்பவர்கள் பலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கும். எல்லா வெட்டுக்கும் முன்னால் துடைத்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் கடைசி வெட்டுக்கு முன்னாலாவது கட்டாயம். வேறு கிளைக்கோ வேறு செடிக்கோ போகும் முன்பும் துடைக்க வேண்டும்.

அரை சென்டிமீட்டர் என்றதும் ஒரு காரணத்தோடுதான். கண்ணை ஒட்டி வெட்டினால் கண்ணே காய்ந்துபோகும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே விட்டால் அந்தத் துண்டுக்குச் சாறு ஏறாது, காயும், அப்புறம் பூஞ்சைக்கு அதுவே வாசல். பூ பறிக்கும்போது நீளமாக விட்டுவிடும் காம்புத் துண்டுகளில்தான் இந்தக் கருகல் அடிக்கடி ஆரம்பிக்கும். உங்கள் செடியிலும் முதலில் கருத்த நுனி எப்படிப்பட்ட வெட்டு என்று நினைவிருந்தால் யோசித்துப் பாருங்கள். வெட்டு லேசான சரிவாக, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தாழ்ந்து இருக்கட்டும். மிகச் சரிவாக வெட்டினால் காயத்தின் பரப்புதான் கூடும்.

பழைய கிளைகளில் ஒரு சிக்கல் உண்டு. கட்டைவிரல் கனமான, பல வருடக் கிளையில் நடுச்சோறு நோயில்லாமலே வெளிர்பழுப்பாக, காய்ந்தாற்போல இருக்கும். அதை நோய் என்று நினைத்து வெட்டிக்கொண்டே போனால் தரையில்தான் நிற்பீர்கள். அங்கே நடுச்சோற்றை விட்டுவிட்டுக் கட்டையைப் பாருங்கள். பழுப்பு நடுவோடு வட்டமாக, ஒரே சீராக நின்று, சுற்றியுள்ள கட்டை வெளுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் அது வயது. பழுப்பு கட்டைக்குள் கதிர் மாதிரியோ ஆப்பு மாதிரியோ நீண்டிருந்தால், அல்லது பட்டைக்கு அடியில் உள்ள பச்சை வளையம் ஏதாவது ஓர் இடத்தில் அறுந்திருந்தால் அது நோய். இவ்வளவு கனமான கிளைக்குக் கத்தரி வேண்டாம், சிறு கவாத்து ரம்பம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியபின் ஓரத்தின் பிசிறைக் கூர்மையான கத்தியால் வழித்து விடுங்கள்.

வெட்டும்போது நடுச்சோறு பழுப்பாகியிருப்பதற்குப் பதிலாகக் குழாய் போல ஓட்டையாக இருந்தால், உள்ளே துளைக்கும் பூச்சி இருக்கிறது. ஓட்டை முடியும்வரை இறங்கி, பூச்சியோ புழுவோ கண்ணில் படும்வரை போக வேண்டும். வெட்டும் முறை அதேதான்.

சில நேரம் வெட்டி வெட்டி இறங்கி, கிளை தாய்க்கிளையோடு சேரும் மூட்டு வந்துவிடும். அப்போது மூட்டில் சற்று உப்பிய வளையம் தெரியும். அதைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்டிவிட்டு முகத்தைப் பாருங்கள். சுத்தம் என்றால் சரி. பழுப்பு மூட்டுக்குள் போகிறது என்றால் அந்தத் தாய்க்கிளையையும் மூட்டுக்குக் கீழே இறக்க வேண்டியதுதான். மனசு வராது, தெரியும். ஆனால் அந்தக் கிளையின் மேல்பாதி எப்படியும் நிற்கப்போவதில்லை. ஒரு மாதம் கழித்து இதைவிடக் கீழே வெட்ட வேண்டியிருக்கும்.

ஒட்டுப்பகுதிவரை கருப்பு வந்துவிட்டால் நிலைமை வேறு. ஒட்டு என்பது செடியின் அடியில் குமிழ் போல இருக்கும் இடம், எல்லாக் கிளைகளும் அங்கிருந்துதான் புறப்படும். பாதித்த கிளையைக் குமிழை ஒட்டி, துண்டு எதுவும் விடாமல் எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கத்தியால் லேசாக வழித்துப் பாருங்கள். பச்சையும் வெளுப்பும் தெரிந்தால் தப்பித்தது. கறை குமிழின் ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் நிறம் மாறிய பட்டையைச் சுத்தமான ஓரம் வரும்வரை வழித்தெடுத்து வைத்துப் பார்க்கலாம். சில செடிகள் தேறும். குமிழைச் சுற்றிலும் கருத்துவிட்டால் மேலே உள்ள ரகம் போய்விட்டது. அதற்கப்புறம் அடியிலிருந்து வேகமாக ஒரு தளிர் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அது ஒட்டுக்குக் கீழே இருந்து, வேர்ச்செடியிலிருந்து வருகிறதா என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். அப்படி என்றால் நீங்கள் வளர்த்த பூ அதில் வராது. கருப்பு குமிழை நெருங்குகிறது என்று தெரிந்த உடனே, பாதிக்கப்படாத வேறொரு கிளையிலிருந்து இரண்டு மூன்று பதியன் குச்சிகள் வெட்டி நட்டுவைப்பது நல்லது. ரகமாவது கையில் இருக்கும்.

வெட்டுமுகத்தில் எதையாவது பூச வேண்டுமா என்பதில் தோட்டக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. என் கருத்து இது: வறண்ட காலத்தில், பென்சிலைவிட மெல்லிய கிளையில், சுத்தமான கட்டையில் வைத்த வெட்டுக்கு ஒன்றும் தேவையில்லை, தானாகக் காய்ந்து மூடும். மழைக்காலத்திலும் கனமான கிளையிலும் தாமிரப் பசை பூசுவது பயன்படும். போர்டோ பசை என்றால் 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, இரண்டும் சேர்ந்து 1 லிட்டர் ஆகும்படி கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் செய்யுங்கள், இரும்பு கூடாது. வீட்டில் ஒரு செடிக்கு இவ்வளவு தேவைப்படாது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் தடவினால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழுப்பு தெரிகிற முகத்தின் மேல் பூசுவதால் மட்டும் எந்தப் பயனும் இல்லை. நோய் உள்ளே இருக்கிறது, மேலே மூடி போட்டதாக ஆகும்.

மருந்து தெளித்தால் வெட்டாமல் தப்பிக்கலாமா என்றால், முடியாது. தாமிர மருந்து மேற்பரப்பில் நின்று வித்து முளைப்பதைத் தடுக்கும், கட்டைக்குள் இருக்கும் பூஞ்சையை எட்டாது. வெட்டி முடித்தபின் மற்ற கிளைகளைக் காப்பதற்காக, 1 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஒருமுறை தெளிக்கலாம். உங்களிடம் உள்ள டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கடும் வெயிலில் தெளிக்க வேண்டாம், இலை கருகும்.

வெட்டிய துண்டுகளைச் செடியின் அடியிலோ உரக்குழியிலோ போடாதீர்கள். செத்த கிளையிலும் பூஞ்சை வாழும், வித்தும் தரும். எரியுங்கள், அல்லது கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

இனி மூலகாரணம். இந்தப் பூஞ்சைகள் திடமாக வளரும் கிளையில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தளர்ந்த கிளையில்தான் வேகமாக இறங்கும். கரும்புள்ளி நோயில் இலையெல்லாம் கொட்டிய செடி, நீண்டநாள் தண்ணீர் இல்லாமல் வாடிய செடி, வேர் ஊறி அழுகும் தொட்டி, எல்லாம் இதற்கு வழிவிடும். ஒரு கிளை மட்டும் என்றால் வெட்டுக்காயம்தான் காரணமாக இருக்கும். ஒரே சமயத்தில் மூன்று நான்கு கிளைகள் நுனியில் கருத்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வேரைப் பாருங்கள். தொட்டிச் செடியை மண்கட்டியோடு மெதுவாக வெளியே எடுத்தால் நல்ல வேர் வெளிர்நிறமாக, உறுதியாக இருக்கும். கெட்ட வேர் கருத்து, பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும், ஒரு புளித்த நாற்றமும் இருக்கும். அந்த நிலையில் மேலே எவ்வளவு வெட்டினாலும் நிற்காது. அழுகிய வேரை நீக்கி, தண்ணீர் நன்றாக வடியும் மண்ணுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

வெட்டிய பிறகு அடுத்த இரண்டு வாரம் அந்த முகத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மேற்பரப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காய்ந்து வெளிர்பழுப்பாவது இயல்பு. கருப்பு கண்ணைத் தாண்டிக் கீழே போனால் வெட்டு போதவில்லை, இன்னொரு முறை இறங்க வேண்டும். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், கிளைமேல் தெளிக்க வேண்டாம். உரத்தை, குறிப்பாகத் தழைச்சத்து உரத்தை, உடனே போடாதீர்கள். இலை குறைந்த செடியால் அதை உடனே பயன்படுத்த முடியாது. நீங்கள் விட்ட கண்ணிலிருந்து தளிர் வந்து, அதன் இலைகள் சிவப்பு மாறிப் பச்சையான பிறகு வழக்கமான அளவில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள்.